நாற்பத்து மூன்று சொற்களில் ஒரு சிரிப்பு

முப்பது நொடி ஸ்கிட் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நல்ல ட்விஸ்ட் ஒன்று மனத்தில் உதித்ததும் வேலை முடிந்ததென்று நினைத்து, கேமராவைத் தூக்கிவிடுகிறார்கள். படம் பிடித்து வெளியிட்ட பிறகு பார்த்தால், பார்த்தவர்கள் “ஓ, அப்படியா” என்று தலையாட்டியிருப்பார்கள். சிரித்திருக்க மாட்டார்கள். திருப்பம் வேறு, சிரிப்பு வேறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் மூன்று நான்கு நொடிதான். அந்த நான்கு நொடியில் என்ன வைப்பது என்பதுதான் இந்த எழுத்தின் முழுச் சிரமமும்.

ஒரு சின்ன உதாரணம். ஓர் இளைஞன் கண்ணாடி முன் நின்று உருகிப் பேசுகிறான். “மூணு வருஷமா சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன். தினமும் உங்க முகத்தைப் பார்க்கிறேன், ஆனா வார்த்தை வரமாட்டேங்குது.” காதலைச் சொல்ல ஒத்திகை பார்க்கிறான் என்று நாம் நினைக்கிறோம். அடுத்த காட்சியில் அவன் மேனேஜர் அறைக்குள் நுழைகிறான். கேட்க வந்தது சம்பள உயர்வு. இது திருப்பம். பல ஸ்கிட்டுகள் இங்கேயே பின்னணி இசையைப் போட்டு முடிந்துவிடுகின்றன.

இன்னும் ஒரே ஒரு வரி போகட்டும். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி, ரொம்பவும் மென்மையாகச் சொல்கிறார்: “உன்னை நான் அந்த மாதிரி நினைச்சுப் பார்த்ததே இல்லப்பா.” இப்போதுதான் சிரிப்பு வருகிறது. திருப்பம் ‘இது காதல் இல்லை, சம்பளம்’ என்று நம்மைத் திருத்தியது. கடைசி வரியோ அந்தச் சம்பளப் பேச்சை மறுபடியும் காதலுக்குள்ளேயே கொண்டுபோய்ப் போட்டது. செட்டப்பில் விதைத்ததைத் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் நின்று அறுப்பதுதான் பஞ்ச். இந்த மூன்றாவது படி இல்லாத ஸ்கிட் வெறும் தகவல்.

இந்த மூன்று படிகளுக்கும் வயது சினிமாவின் வயதேதான். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸின் கிராண்ட் கஃபேயில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டியபோது, அந்தப் படங்களில் ஒன்று ஒரு நிமிடம்கூட ஓடாத நகைச்சுவைத் துண்டு. தோட்டக்காரர் ஒருவர் ரப்பர் குழாயில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார். பின்னால் ஒரு பையன் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றுபோகிறது. அவர் குழாயின் வாயை முகத்துக்கு நேரே தூக்கி எட்டிப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான். முகமெல்லாம் தண்ணீர்.

வசனம் இல்லை, எழுத்து இல்லை, ஒரே ஷாட். அதன் பிறகும் படம் கொஞ்சம் ஓடுகிறது. அவர் பையனைத் துரத்திப் பிடித்து, கேமரா முன்னால் இழுத்துவந்து அடிக்கிறார். இன்றைக்கு யாராவது இதை எடிட் செய்தால் தண்ணீர் அடித்த கையோடு வெட்டியிருப்பார்கள். வெட்டவும் வேண்டும்.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் 1989-இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காட்சி. கவுண்டமணி காசு கொடுத்து இரண்டு பழம் வாங்கிவரச் சொல்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றொன்றைக் கொண்டுவருகிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையில் இருப்பதையே இன்னொன்று என்கிறார். விதை, திருப்பம், அறுவடை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் அந்தக் காட்சியை அப்படியே பார்த்துப் படித்துக்கொண்டு முப்பது நொடிக்கு எழுத உட்காரக் கூடாது. அது நீண்ட காட்சி. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல எதிரில் இருப்பவருக்கு ஏறும் கோபம்தான் அங்கே சிரிப்பு. ஏறுவதற்கு நேரம் வேண்டும். முப்பது நொடியில் எதுவும் ஏறாது, ஒரே ஒரு முறை விழும். அவ்வளவுதான்.

பேப்பரில் எவ்வளவு இடம்?

சாதாரண வேகத்தில் பேசும் தமிழுக்கு நொடிக்கு இரண்டு சொல் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பொரிந்து தள்ளுகிற பாத்திரமாக இருந்தால் இரண்டரை. முப்பது நொடிக்கு அறுபது சொல் என்று மனம் துள்ளும். துள்ள வேண்டாம். கதவு திறக்க, தலை திரும்ப, முகம் மாற, சிரிப்புக்கு முன் ஒரு கணம் அமைதி நிலவ என்று ஏழெட்டு நொடி பேச்சில்லாமல் போய்விடும். மிஞ்சுவது நாற்பது முதல் நாற்பத்தைந்து சொல். ஒரு அஞ்சல் அட்டையின் பாதிகூட நிரம்பாது.

இந்தக் கணக்கை எழுதும்போதே வைத்துக்கொள்ள வேண்டும். நூறு சொல் எழுதிவிட்டு எடிட்டிங்கில் வேகமாக ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. வேகமாக ஓட்டினால் முதலில் சாவது அந்த அமைதிக் கணம்தான். அது போனால் பஞ்ச் போச்சு.

இன்று ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் முப்பது நொடியைத் தாண்டிப் போக இடமிருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை போகலாம். ஆனாலும் ஒரே ஒரு திருப்பம் உள்ள யோசனைக்கு முப்பது நொடி போதும். இடம் இருக்கிறதே என்று இன்னொரு திருப்பத்தைச் செருகினால் முதல் திருப்பமும் பலமிழக்கும். பார்ப்பவர் ஒரு தடவை ஏமாந்ததும் உஷாராகிவிடுவார். இரண்டாவதை வாசலிலேயே பிடித்துவிடுவார்.

ஒரு ஹவுஸ் ஓனர் கிடைத்தார்

இனி ஒரு ஸ்கிட்டை ஆரம்பத்திலிருந்து கட்டிப் பார்ப்போம். நான் எப்போதும் கதையிலிருந்து தொடங்குவதில்லை, ஒரு ஆளின் பழக்கத்திலிருந்து தொடங்குவேன். எதற்கெடுத்தாலும் ‘கூடாது’ என்று சொல்கிற ஹவுஸ் ஓனர். சென்னையில் வீடு தேடியவர்கள் எல்லோருக்கும் இவரைத் தெரியும். அறிமுகமே தேவையில்லை என்பது முப்பது நொடியில் பெரிய லாபம்.

அடுத்து, இந்தப் பழக்கத்தைத் தவறான ஆள் மேல் ஏவிவிட வேண்டும். வாடகைக்கு வந்தவர் என்று நினைத்து ஓனர் சட்டம் போடுகிறார். வந்தவரோ ஈபி ரீடிங் எடுக்க வந்தவர். இது திருப்பம். நல்ல திருப்பம்தான், ஆனால் நாம் மேலே சொன்னபடி, இதோடு நின்றால் அரைச் சிரிப்பு. ஆள் யாரென்று தெரிந்ததும் ஓனர் என்ன செய்வார்?

வழிந்தால் காட்சி சாதாரணமாகிவிடும். “அடடா, மன்னிச்சுக்குங்க” என்று நெளிகிற ஓனரை ஆயிரம் முறை பார்த்தாயிற்று. அவருடைய பழக்கம் ‘கூடாது’. அந்தப் பழக்கத்தை அவர் விடக் கூடாது. வந்தவர் மீட்டர்காரர் என்றால் மீட்டருக்கே சட்டம் போட வேண்டும். “அப்ப, மீட்டரும் ஓடக் கூடாது.”

கடைசி வரி கிடைத்துவிட்டது. இனி பின்னாலிருந்து முன்னோக்கி எழுதலாம். கடைசி வரியில் ‘ஓடக் கூடாது’ வருகிறது, அதிலும் ‘மீட்டரும்’ என்று ‘உம்’ வருகிறது. அப்படியானால் வேறு சிலதும் ஓடக் கூடாது என்று முன்னாலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் டிவி ஓடக் கூடாது, மோட்டார் ஓடக் கூடாது. விதை தயார். முதலில் ஃபேனும் ஓடக் கூடாது என்று எழுதத் தோன்றும். சிரிப்பாகக்கூட இருக்கும். ஆனால் அதை எடுத்துவிட வேண்டும். இரண்டைச் சொல்லி நிறுத்தினால்தான் மூன்றாவது வேண்டும் என்று காது காத்திருக்கும். அந்த மூன்றாவது இடம் மீட்டருக்கு ஒதுக்கிய இடம். ஃபேன் அதில் உட்கார்ந்துவிட்டால் மீட்டர் நான்காவதாக நிற்கும்.

இப்போது ஆரம்பம். கைக்கு முதலில் வருவது இப்படித்தான் இருக்கும்:

“வணக்கம் சார்.”

“வாங்க வாங்க. வீடு பாக்க வந்தீங்களா? புரோக்கர் சொல்லியிருந்தாரு. மாடி போர்ஷன்தான். ரெண்டு பெட்ரூம். தண்ணி எப்பவும் வரும்.”

இதில் இரண்டு கோளாறு. ஏறக்குறைய எட்டு நொடி போய்விட்டது, யாரும் இன்னும் சிரிக்கவில்லை. அதைவிடப் பெரிய கோளாறு, ‘வீடு பாக்க வந்தீங்களா’ என்ற கேள்வி. கேட்டால் வந்தவர் பதில் சொல்லியாக வேண்டும். இல்லை என்றால் ஸ்கிட் அங்கேயே முடிந்தது. ஆமாம் என்றால் அவர் பொய்யர். பதிலே சொல்லாமல் நின்றால், பார்க்கிறவர் கடைசியில் “ஏன்யா முதல்லயே சொல்லல?” என்று கேட்பார். அந்தக் கேள்வி எழுந்த நொடியில் சிரிப்பு அவிந்துவிடும்.

வீடு வாடகைக்கு என்ற செய்தியை வசனத்திலிருந்து எடுத்துக் கேட்டில் மாட்டிவிடலாம். ‘வீடு வாடகைக்கு’ என்று எழுதிய ஒரு அட்டை. முதல் ஷாட்டிலேயே ஒருவர் அந்தக் கேட்டைத் தட்டுகிறார். அவர் வீடு பார்க்க வந்தவர் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். யாரும் நமக்குப் பொய் சொல்லவில்லை. செட்டப்பில் இது முக்கியம். பார்க்கிறவர் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள வேண்டும். எழுதுகிறவர் ஏமாற்றினால் கோபம்தான் வரும்.

அடுத்த ஓட்டை, வந்தவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது. திறக்கட்டுமே. ஆனால் ஓனர் விடக் கூடாது. “சார், நான்…” என்று அவர் ஆரம்பிக்க, “குறுக்க பேசக் கூடாது. அதான் முதல் கண்டிஷன்” என்று ஓனர் வெட்டுகிறார். ஒரே வரியில் மூன்று வேலை நடக்கிறது. ஓட்டை அடைபடுகிறது, ஓனரின் குணம் தெரிகிறது, ஐந்தாவது நொடிக்குள் முதல் சிரிப்பும் வருகிறது. விரலால் தள்ளிவிட்டுப் போகிறவரை நிறுத்திவைக்க இந்தச் சின்னச் சிரிப்பு வேண்டும். அந்த “நான்…” என்ற பாதிச் சொல்லில் உண்மை முழுவதும் ஒளிந்திருக்கிறது என்பது இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் தெரியும்.

இப்போது முழு ஸ்கிரிப்ட்:

கேட்டில் ‘வீடு வாடகைக்கு’ அட்டை. ஒருவர் கேட்டைத் தட்டுகிறார். ஓனர் வாசற்படியில் வந்து நிற்கிறார். (2 நொடி)

வந்தவர்: சார், நான்…

ஓனர்: குறுக்க பேசக் கூடாது. அதான் முதல் கண்டிஷன்.

வந்தவர்: இல்ல சார்…

ஓனர்: இல்லன்னும் சொல்லக் கூடாது. (இதுவரை 8 நொடி)

வந்தவர் வாயை மூடிக்கொண்டு தலையாட்டுகிறார்.

ஓனர்: கறி மீன் சமைக்கக் கூடாது. சொந்தக்காரங்க வந்து தங்கக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல டிவி ஓடக் கூடாது. மோட்டார் ஓடக் கூடாது. (19 நொடி)

வந்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். ஓனர் முகம் மலர்கிறது.

ஓனர்: தங்கமான ஆளு! அட்வான்ஸ் எப்பத் தரீங்க? (23 நொடி)

வந்தவர்: சார்… ஈபி ரீடிங். (25 நொடி)

அமைதி. ஓனர் அவரை மேலும் கீழும் பார்க்கிறார். (27 நொடி)

ஓனர்: அப்ப, மீட்டரும் ஓடக் கூடாது. (29 நொடி)

வெட்டு.

எண்ணிப் பார்த்தால் நாற்பத்து மூன்று சொல். அதில் செட்டப்புக்கு முப்பத்தாறு, திருப்பத்துக்கு மூன்று, பஞ்சுக்கு நான்கு. முப்பதில் இருபத்து மூன்று நொடியைச் செட்டப்பே சாப்பிடுகிறது. இந்த விகிதத்தைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். திருப்பத்தைப் பதினைந்தாவது நொடிக்கு இழுத்துவந்து, மீதிப் பாதியில் அந்த இருவரும் சண்டை போடுவது போல எழுதுவார்கள். அப்படி எழுதினால் பின்பாதி முழுக்க ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைப் பற்றிய பேச்சாகிவிடும். திருப்பம் பிந்தி வருவதில் தவறில்லை, அதுவரை வழியில் சின்னச் சின்னச் சிரிப்பு இருந்தால்.

கறி மீன் சமைக்கக் கூடாது, சொந்தக்காரர் தங்கக் கூடாது என்ற இரண்டு வரிகளுக்கும் கடைசியில் அறுவடை இல்லையே, வெட்டிவிடலாமே என்று கேட்கலாம். இவை விதை இல்லை, மறைப்பு. ‘டிவி ஓடக் கூடாது, மோட்டார் ஓடக் கூடாது’ மட்டும் இருந்தால் மின்சாரம் பற்றிய ஸ்கிட் என்று வாசனை வந்துவிடும். வேறு இரண்டு சட்டங்களுக்குப் பின்னால் வரும்போது அதுவும் வழக்கமான ஓனர் புலம்பலாகவே கேட்கும். ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். கறி மீன் வரி வெறும் வேடிக்கை வரி அல்ல. வீடு கிடைக்காமல் அலைந்த பலருக்கு அது முள். அதை ஓனர் சொல்லலாம், ஓனரைப் பார்த்துத்தான் சிரிப்பும் வர வேண்டும். அந்த வரியின்போது கேமரா வந்தவர் முகத்தைக் கேலியாகக் காட்டினால் சிரிப்பு தப்பான ஆள் மேல் விழும்.

சொல்லை எங்கே வைப்பது?

திருப்ப வரியை முதலில் எல்லோரும் இப்படித்தான் எழுதுவோம்: “சார், நான் வீடு பாக்க வரல, ஈபிலேருந்து ரீடிங் எடுக்க வந்திருக்கேன்.” ஒன்பது சொல், நாலரை நொடி. இதில் ‘வீடு பாக்க வரல’ என்பது விளக்கம். அது முன்னாலேயே வந்து, வேறு யாரோ என்று எச்சரித்துவிடுகிறது. ‘ஈபி’ வரும்போது பார்க்கிறவர் எதிர்பார்த்து நிற்கிறார். ‘எடுக்க வந்திருக்கேன்’ என்பது, சேதி தெரிந்த பிறகும் வாய் ஓடிக்கொண்டிருப்பது. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது “ஈபி ரீடிங்.” வீட்டு வாசலில் வந்து நிற்கிறவர்கள் அப்படித்தான் குரல் கொடுப்பார்கள். முழு வாக்கியம் யாரும் பேசுவதில்லை.

பொதுவாக, புதிய சேதியைச் சுமக்கிற சொல் வரியின் கடைசியில் இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் வரும் சொற்கள் சிரிப்பில் முங்கிப்போகும், அல்லது சிரிப்பை அமுக்கிவிடும். தமிழில் சொற்களை இடம் மாற்றிப் போட நிறையச் சுதந்திரம் உண்டு என்பதால் இது கைவசமாவது எளிது.

இந்த விதிப்படி பார்த்தால் நம் பஞ்ச் வரி தப்பு. புதிய சொல் ‘மீட்டரும்’ முன்னால் நிற்கிறது, ‘ஓடக் கூடாது’ பின்னால் வருகிறது. “ஓடக் கூடாது, மீட்டரும்” என்று மாற்றிப் பார்க்கலாம். கடைசி இரு சொல்லையும் விட்டுவிட்டு, விரலை உயர்த்தி “மீட்டரும்…” என்று மட்டும் சொல்ல வைக்கலாம். ஒற்றைச் சொல் பஞ்ச் என்று பெருமைப்படலாம். நான் இரண்டையும் எடுக்க மாட்டேன். மாற்றிப் போட்டால் ஓனர் பேசுவது போல இல்லாமல் எழுத்தாளர் பேசுவது போல இருக்கிறது. விட்டுவிட்டால், கொஞ்சம் கவனம் சிதறியவருக்குப் பிடிபடாது. ‘ஓடக் கூடாது’ என்பது ஏற்கெனவே காதில் ஏறிய தாளம். ‘மீட்டரும்’ என்றதுமே பார்க்கிறவர் மீதியை மனத்துக்குள் முடித்துவிடுவார். அது சிரிப்பில் முங்கினாலும் நஷ்டமில்லை. விதி தெரிந்துகொண்டு மீறுகிற இடம் இது.

“அப்ப” என்ற சொல்லுக்கும் வேலை இருக்கிறது. ஓனர் சேதியை வாங்கிக்கொண்டார், யோசித்தார், தீர்ப்பு சொல்கிறார் என்பது அதில்தான் தெரிகிறது. அதை எடுத்துவிட்டால் காதில் விழாமல் அடுத்த சட்டத்தை ஒப்பிப்பவர் போல ஆகிவிடுவார். அதற்கு முன்னால் இருக்கும் இரண்டு நொடி அமைதியும் அப்படியே. திருப்பத்தைப் பார்க்கிறவர் ஜீரணிக்க அந்த நேரம் வேண்டும். “ஓ, ஈபிகாரரா” என்று அவர் மனத்துக்குள் சொல்லி முடிப்பதற்கு முன் பஞ்ச் வந்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதி இரண்டும் வீண். மூன்று நொடிக்கு மேல் போனால் அவரே பஞ்சைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

கேமரா காட்டிக்கொடுக்காமல்

எழுத்தில் காப்பாற்றிய ரகசியத்தைப் படப்பிடிப்பில் கோட்டை விடுவது வெகு சகஜம். வந்தவர் தோளில் பையும் கையில் மீட்டர் ரீடிங் கருவியுமாக முதல் ஷாட்டிலேயே முழு உருவமாக நின்றால் கதை முடிந்தது. அவரை மார்புக்கு மேல் மட்டும் காட்ட வேண்டும். பை சட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். “ஈபி ரீடிங்” என்று சொல்லும்போது அந்தக் கருவியைச் சட்டத்துக்குள் தூக்கிக் காட்டினால், ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவருக்கும் திருப்பம் புரியும்.

ஃபோனில் பார்க்கிற செங்குத்துச் சட்டத்தில் இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இருவரும் சுருங்கிப்போவார்கள். ஓனரை வாசற்படியின் மேல் நிறுத்தி, வந்தவரைக் கீழே நிறுத்தலாம். மேலிருந்து சட்டம் போடுகிறவர், கீழிருந்து தலையாட்டுகிறவர் என்ற உறவும் அதிலேயே தெரிந்துவிடும்.

திரையில் ஓடும் வசன எழுத்துகளும் கெடுக்கும். நடிகர் வாய் திறப்பதற்கு அரை நொடி முன்னால் ‘ஈபி ரீடிங்’ என்று எழுத்து வந்துவிட்டால் கண் முந்திக்கொள்ளும். ‘அப்ப’ ஒரு துண்டாகவும் ‘மீட்டரும் ஓடக் கூடாது’ இன்னொரு துண்டாகவும் வரவேண்டும். தானாக எழுத்துப் போடும் வசதியை நம்பி விட்டுவிட்டால் முழு வரியும் ஒரே மூச்சில் வந்து நிற்கும்.

கடைசியாக, வெட்டு. ‘கூடாது’ முடிந்து அரை நொடியில் படம் நிற்க வேண்டும். வந்தவர் தலையில் அடித்துக்கொள்வது, காக்கா கத்தும் சத்தம், பழைய சினிமாவிலிருந்து ஒரு நடிகரின் முகத்தை ஒட்டுவது எல்லாம் ‘இங்கே சிரியுங்கள்’ என்று கையைப் பிடித்து இழுப்பது. சிரித்தவருக்கு எரிச்சல், சிரிக்காதவருக்கு அது உதவவும் போவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. ரீல்ஸும் ஷார்ட்ஸும் முடிந்ததும் தானாகவே மறுபடி தொடங்கும். வால் இல்லாமல் வெட்டினால், சிரிப்பு அடங்குவதற்குள் அட்டை மாட்டிய கேட் மறுபடி திரையில் வந்துவிடும். இம்முறை வந்தவர் யாரென்று நமக்குத் தெரியும், ஓனருக்குத் தெரியாது. முதல் முறை நாமும் ஏமாந்தோம். இரண்டாம் முறை குழாயை மிதித்துக்கொண்டு நிற்கும் லூமியேர் பையனோடு சேர்ந்துகொண்டு தோட்டக்காரரைப் பார்க்கிறோம். ஒரே ஸ்கிட்டில் இரண்டு விதச் சிரிப்பு. முதலில் சறுக்கலாகப் பட்ட ‘சார், நான்…’ இப்போது ஒரு தனி ஜோக்.

எழுதி முடித்த ஸ்கிட் தேறுமா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஸ்கிட் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் வசனங்களைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கட்டும். ‘அட்வான்ஸ் எப்பத் தரீங்க’ வரை படித்து நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். ஈபி என்று சொல்லிவிட்டால் செட்டப் ஒழுகுகிறது, மறைப்பு வரிகளைப் பலப்படுத்த வேண்டும். ‘பணம் இல்லைன்னு சொல்லுவாரு’ என்றால் சரியான தவறான பாதையில் போகிறார். பிறகு திருப்பத்தைச் சொல்லி மறுபடி நிறுத்துங்கள். “அப்போ முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றால் ஓட்டை இன்னும் இருக்கிறது. “அய்யய்யோ, அப்புறம்?” என்று கேட்டால் பஞ்சுக்கு இடம் தயார். படித்து முடித்ததும் ஸ்டாப்வாட்ச் இருபத்திரண்டு, இருபத்து மூன்று நொடியைக் காட்டினால் படமாக்கும்போது முப்பதில் நிற்கும். முப்பதையே காட்டினால் எழுந்து போய் இன்னும் பதினைந்து சொல்லைக் கழியுங்கள்.

கழிக்கும்போது எதை முதலில் எடுப்பது? பெயர்களை. ‘ராமசாமி சார்’, ‘குமார்’ என்று யாரையும் யாரும் கூப்பிட வேண்டாம். இந்த ஸ்கிட்டில் யாருக்கும் பெயரில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. அடுத்து வணக்கங்களை, பிறகு காரணம் சொல்லும் வரிகளை. ‘ஏன்னா’ என்று தொடங்கும் எந்த வரியும் முப்பது நொடிக்குள் வாழத் தகுதியற்றது. சிரிப்பூட்டும் வரியாகவே இருந்தாலும் ஃபேனைப் போல, கடைசி வரியின் இடத்தில் உட்கார்ந்தால் அதுவும் வெளியே போக வேண்டியதுதான். இதுதான் எழுதுகிறவருக்கு வலிக்கும். வெட்டிய ஃபேனைத் தனியே எடுத்து வையுங்கள், அடுத்த ஹவுஸ் ஓனருக்கு ஆகும்.

எல்லாம் சரியாக முடித்துவிட்டு, வெளியிடும்போது ‘ஹவுஸ் ஓனரிடம் மாட்டிய ஈபிகாரர்’ என்று தலைப்புக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இருபத்தைந்தாவது நொடியில் வர வேண்டிய திருப்பத்தைப் படம் ஆரம்பிப்பதற்கு முன்பே தாரை வார்த்தாயிற்று. ‘வீடு வாடகைக்கு’ என்று மட்டும் தலைப்பு வையுங்கள். முகப்புப் படத்தில் ஓனர் மட்டும் இருக்கட்டும். ‘ஈபி’ என்ற சொல் தலைப்பிலோ, ஹேஷ்டேகிலோ, நீங்களே போட்டுக்கொள்ளும் முதல் கமெண்டிலோ எட்டிப்பார்க்கக் கூடாது.